காலிப் பெட்டிக்கும் கப்பல் கூலி உண்டு

2021 செப்டம்பரில் ஷாங்காயிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஒரு நாற்பதடிக் கொள்கலனை அனுப்பப் பத்தாயிரம் அமெரிக்க டாலருக்கும் மேல் கேட்டார்கள். அதே மாதம், அதே கப்பலில், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஷாங்காய்க்குத் திரும்பும் பெட்டிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கடல் ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். கொரோனா காலத்தில் எல்லாமே தலைகீழாக இருந்ததே என்று இதைத் தள்ளிவிட முடியாது. சாதாரண ஆண்டுகளிலும் அந்தத் தடத்தில் போகும் கூலி வரும் கூலியைவிட இரண்டு மூன்று மடங்காக இருப்பது வழக்கம்.

ஊரில் வீடு மாற்ற லாரி பிடித்தவர்களுக்கு இதன் பாதி விளக்கம் ஏற்கெனவே தெரியும். "ரிட்டன் காலியா வரணும் சார்" என்று சொல்லித்தான் ஓட்டுநர் வாடகையைப் பேசுவார். கப்பல் நிறுவனமும் அதையேதான் செய்கிறது. கப்பல் திரும்பி வந்தாக வேண்டும், அந்தச் செலவை யாராவது கொடுத்தாக வேண்டும். மீதிப் பாதிதான் கொஞ்சம் சிக்கலானது. லாரி ஒற்றைப் பொருள். இங்கே கப்பல் வேறு, பெட்டி வேறு. கப்பல் துறைமுகத்தில் ஓரிரு நாள் நின்றுவிட்டுக் கிளம்பிவிடும். பெட்டியோ ரயிலேறி உள்நாட்டுக்குப் போய், ஒரு கிடங்கு வாசலில் வாரக்கணக்கில் நிற்கும். இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓடுவதில்லை.

முதலில் கப்பல் கணக்கு. ஒரு பெட்டிக்கான இடம் போய்த் திரும்ப மொத்தம் 2,000 டாலர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட தொகை). இரு திசையிலும் சரக்கு சமமாக இருந்தால் போக ஆயிரம், வர ஆயிரம். சரி, இப்போது மூன்று பெட்டி நிறைந்து போனால் ஒன்றுதான் நிறைந்து திரும்புகிறது, அதுவும் 600 டாலருக்கு. அப்படியானால் திரும்பும் ஓர் இடத்துக்குச் சராசரியாக 200 டாலர்தான் வருமானம். காலியாக வரும் மற்ற இரண்டையும் பளுதூக்கியில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், லாரியில் டிப்போவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்றுக்கு 300 டாலர் என்றால் சராசரியாக இன்னொரு 200 டாலர் செலவு. வந்த வருமானம் அதிலேயே கரைந்துவிட்டது. ஆக, முழு 2,000 டாலரும் போகும் சரக்கின் தலையில் விழுகிறது. சமமான தடத்தில் ஆயிரம் கொடுப்பவர் இங்கே இரண்டாயிரம் கொடுக்கிறார்.

திரும்பும் கூலியை 600இலிருந்து உயர்த்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். உயர்த்தினால் அந்தச் சரக்கே வராது. அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு வருவதில் பெரும்பகுதி வைக்கோல், மரம், பழைய இரும்பு, கழிவுத் தாள். டன் விலை குறைந்த சரக்குகள் இவை. கூலி மலிவாக இருப்பதால்தான் இவை கடல் தாண்டவே செய்கின்றன. கப்பலில் எப்படியும் இடம் சும்மா கிடக்கிறது. ஏற்றி இறக்கும் செலவுக்கு மேல் என்ன கிடைத்தாலும் லாபம் என்று நிறுவனம் ஒத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது சீனா 2018இல் பல வகைக் கழிவுகளின் இறக்குமதிக்குத் தடை விதித்தபோது தெரிந்தது. 2021 தொடக்கத்தில் எல்லாத் திடக் கழிவுக்கும் தடை வந்தது. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான். ஆனால் திரும்பும் பயணத்தில் பெட்டிக்குள் போட இருந்த கொஞ்சநஞ்சச் சரக்கிலும் ஒரு பகுதி அதோடு போயிற்று.

லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் ஏற்றத்தாழ்வின் அளவு புரியும். கொள்கலன்களை இருபதடி அலகில் எண்ணுவது துறைமுக வழக்கம்; ஒரு நாற்பதடிப் பெட்டி இரண்டு அலகு. அந்த ஆண்டு நிறைந்து வந்திறங்கியவை ஏறத்தாழ 5.5 மில்லியன் அலகு. நிறைந்து ஏறியவை 1.2 மில்லியனுக்குச் சற்றுக் குறைவு. காலியாகக் கையாளப்பட்டவை கிட்டத்தட்ட 4 மில்லியன். அந்தத் துறைமுகத்தின் ஏற்றுமதிகளில் ஆகப் பெரியது காற்று என்று சொன்னால் அது வெறும் கிண்டல் இல்லை.

இனி பெட்டியின் கணக்கு. எனக்கு இதுதான் சுவையான பகுதி. கலிபோர்னியாவில் இறக்கிய ஒரு நாற்பதடிப் பெட்டியை அப்படியே காலியாகத் திருப்பி அனுப்பினால் அது ஆசியாவில் கிளம்பி மீண்டும் ஆசியாவில் அடுத்த சரக்குக்குத் தயாராக 60 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை உள்நாட்டுப் பண்ணைக்கு அனுப்பி, வைக்கோல் ஏற்றி, துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, ஆசியாவில் இறக்கிச் சுத்தம் செய்ய 80 நாள். வைக்கோல் 700 டாலர் தருகிறது. எடுத்துக்கொள்வதா, வேண்டாமா?

அமைதியான ஆண்டில் போகும் கூலி 1,500 டாலர். காலியாகத் திருப்பினால் 60 நாளில் 1,500, அதாவது நாளுக்கு 25 டாலர். வைக்கோலோடு திருப்பினால் 80 நாளில் 2,200, நாளுக்கு 27.50. எடுத்துக்கொள்ளலாம். இப்போது 2021. போகும் கூலி 10,000. வைக்கோல்காரர் கொஞ்சம் கூட்டி 1,000 தருகிறார். காலியாகத் திருப்பினால் நாளுக்கு 167 டாலர் போல வருகிறது. வைக்கோலோடு என்றால் 11,000 வருமானத்தை 80 நாளால் வகுக்க 137.50தான். பணம் கொடுத்து ஏற்றச் சொல்கிறார் ஒருவர், ஆனால் அவரை மறுத்துவிட்டுக் காலியாக அனுப்புவதுதான் லாபம்.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். வைக்கோல் பெட்டியை 20 நாள் கூடுதலாகப் பிடித்து வைக்கிறது. அந்த 20 நாளுக்கு வாடகை என்ன? சாதாரண ஆண்டில் நாளுக்கு 25 வீதம் 500 டாலர். 700 தருபவர் அதைத் தாண்டிவிடுகிறார். 2021இல் அதே 20 நாளின் மதிப்பு 3,300 டாலருக்கும் மேல். வைக்கோல் விற்கும் விலையில் அந்தக் கூலி கட்டுப்படியாகாது. கையாளும் செலவு, எரிபொருள் வித்தியாசம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது. அவற்றைச் சேர்த்தாலும் 2021இன் முடிவு மாறாது.

அந்த ஆண்டு நடந்ததும் இதுவே. அமெரிக்க விவசாயிகள் பெட்டி கிடைக்காமல் கத்தினார்கள். அவர்கள் கண்ணெதிரே காலிப் பெட்டிகள் கப்பல் கப்பலாக மேற்கே போயின. கடைசியில் 2022 ஜூனில் அங்கே கடல்வழிப் போக்குவரத்துச் சீர்திருத்தச் சட்டம் கையெழுத்தானது. நியாயமான காரணமில்லாமல் ஏற்றுமதிச் சரக்கை மறுக்கக்கூடாது என்பது அதன் ஓர் அம்சம். கப்பல் நிறுவனங்களின் பேராசை என்று பலர் எழுதினார்கள். பேராசை இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் மேலே போட்ட வகுத்தல் கணக்கைத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்.

இதில் சிங்கப்பூருக்கு என்ன வேலை? 2024இல் நம் துறைமுகம் கையாண்டது 41 மில்லியன் அலகுக்கும் சற்று மேல். அதில் மிகப் பெரும்பகுதி இந்தத் தீவுக்காக வந்ததே இல்லை. ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போனது. காலிப் பெட்டிகளுக்கும் இதே கதைதான். எங்கே எத்தனை பெட்டி தேவைப்படும் என்று கப்பல் நிறுவனத்துக்குச் சில வாரங்கள் முன்னதாக ஓரளவுதான் தெரியும். மிச்சமான ஊரிலிருந்து காலிகளை நேராகத் தேவையான ஊருக்கு அனுப்பினால், அவை போய்ச் சேர்வதற்குள் அங்கே தேவை மாறியிருக்கும். அதனால் பாதி வழியில் நிறுத்திவைப்பது புத்திசாலித்தனம். சிங்கப்பூரிலிருந்து எந்தத் திசைக்கும் சில நாள் இடைவெளியில் கப்பல் உண்டு. முடிவைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போடலாம். அதற்கு விலையும் உண்டு. இடையில் இறக்கி ஏற்றுவதால் இரண்டு முறை கூடுதலாகக் கையாள வேண்டும். அப்புறம் சிங்கப்பூர் நிலத்தின் விலை. இடம் எவ்வளவு நெருக்கடி என்றால், ஜூரோங் பக்கம் புரோ கிரெசென்டில் ஒரு கிடங்குக் கட்டடத்தின் மேல்தளத்திலேயே காலிப் பெட்டி டிப்போ நடத்துகிறார்கள். பிரைம் மூவர் வளைந்து வளைந்து ஏறி மொட்டைமாடிக்குப் போகும்.

டிப்போவில் காலி என்றால் எல்லாம் ஒரே காலி இல்லை. பெட்டி உள்ளே வந்ததும் சோதனையாளர் வெளிப்புறத்தைச் சுற்றி வந்து பள்ளம், கிழிசல், மூலைக் கட்டுகளின் வளைவு எல்லாவற்றையும் பார்ப்பார். பிறகு உள்ளே நுழைவார். வெளியே நிற்பவர் இரு கதவையும் சாத்துவார். கண் இருட்டுக்குப் பழகியதும் கூரையிலும் மூலைகளிலும் ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியே மழை வரும், உப்புக் காற்று வரும். கதவு ரப்பரை அழுத்திப் பார்ப்பார். பலகைத் தரையில் எண்ணெய்க் கறை, நிமிர்ந்த ஆணி இருக்கிறதா என்று தேடுவார். கடைசியாக மூக்கு. மூடிய பெட்டிக்குள் முந்தைய சரக்கின் வாடை தப்பாது. ரசாயன நெடி அடிக்கும் பெட்டி இரும்புக் குழாய்க்கு ஆகும், அரிசி மூட்டைக்கு ஆகாது. எது உணவுத் தரம், எது பொதுச் சரக்கு, எது கழுவலுக்கு, எது பழுதுபார்க்க என்று பிரிப்பது அதன் பிறகுதான்.

ஆகவே அடுக்கடுக்காகப் பெட்டிகள் நிற்கும் டிப்போவிலும் 'ஸ்டாக் இல்லை' என்ற பதில் வரலாம். எனக்குத் தெரிந்த பிரைம் மூவர் ஓட்டுநர் ஒருவர் வரிசையில் காத்திருக்கும் கடுப்பில் சொன்னார்: "மலை மாதிரி குவிச்சு வச்சிருக்கான்ணே. அதுல நம்ம லைனோட இருபதடி, அதுவும் சாப்பாட்டுச் சாமான் ஏத்துற தரத்துல ஒண்ணு கேட்டா, நாளைக்கு வாங்கிறான்." நிறுவனம் வேறு, அளவு வேறு, தரம் வேறு. ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் குறையைத் தீர்க்காது.

அளவு விஷயம் நம் ஊர் வணிகத்தில் நேரடியாகக் கை வைக்கிறது. நாற்பதடிப் பெட்டி நீளத்தில் இருபதடியைப் போல இரண்டு மடங்கு. ஆனால் தாங்கும் மொத்த எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டுக்கும் பெரும்பாலும் முப்பது டன் சொச்சம், பெட்டியின் எடையையும் சேர்த்து. அரிசி, பருப்பு, கிரானைட் போன்றவை இருபதடியிலேயே எடை வரம்பைத் தொட்டுவிடும். நாற்பதடியில் ஏற்றினால் பாதி இடம் சும்மா கிடக்கும், அதற்கும் காசு கொடுக்க வேண்டும். சட்டை, சோபா, கார் உதிரிபாகம் எல்லாம் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. அவற்றுக்கு நாற்பதடிதான் சரி.

சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். கார்த் தொழிற்சாலைகளுக்கும் மின்னணு ஆலைகளுக்கும் வரும் பாகங்கள் பெரும்பாலும் நாற்பதடியில் இறங்குகின்றன. போக வேண்டிய கிரானைட்டும் அரிசியும் கேட்பது இருபதடி. மொத்த அலகுக் கணக்கில் வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கும் மாதத்தில்கூட ஒரு பக்கம் நாற்பதடி தேங்கும், இன்னொரு பக்கம் இருபதடிக்கு அலைவார்கள். அப்போது சிங்கப்பூர் போன்ற இடத்தில் நிற்கும் இருபதடிக் காலிகளைச் சிறு கப்பலில் ஏற்றி வங்கக் கடல் தாண்டி அனுப்ப வேண்டும். அதே கப்பல் திரும்பும்போது நாற்பதடிக் காலிகளையும் கொண்டு வரலாம். ஒரே வாரம், ஒரே தடம், இரு திசையிலும் காலிப் பெட்டி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முட்டாள்தனமாகத் தெரியும்.

சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு அரிசி, வெங்காயம், மசாலா வரவழைக்கும் இறக்குமதியாளர்கள் இதை வேறு பெயரில் பார்க்கிறார்கள். கூலி மாறாத மாதத்திலும் விலைச் சீட்டில் 'பெட்டிச் சமநிலையின்மைக் கூடுதல் கட்டணம்' என்ற பொருளில் ஒரு வரி புதிதாக முளைக்கும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஏறத்தாழ 1,600 கடல் மைல்தான். அந்த வரிக்கும் தூரத்துக்கும் சம்பந்தமில்லை. அந்த இருபதடியை அங்கே கொண்டுவந்து நிறுத்திய செலவு அது.

குளிர்ப் பெட்டிகளின் நிலை இன்னும் ஒருபக்கச் சாய்வானது. சிங்கப்பூர் தன் உணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. பிரேசில் கோழி, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து இறைச்சி எல்லாம் குளிர்ப் பெட்டியில் வருகின்றன. அதே அளவு உறைந்த சரக்கு இங்கிருந்து திரும்பிப் போவதில்லை. சாதாரணப் பெட்டியைப் போலப் பல மடங்கு விலையுள்ள அந்தப் பெட்டியைச் சும்மா அனுப்ப மனம் வருமா? குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே சாதாரணச் சரக்கை ஏற்றிக் குறைந்த கூலிக்கு அனுப்புகிறார்கள். மலிவு என்று இதை எடுப்பவர்கள் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவர் தடிமனாக இருப்பதால் உள்ளிடம் குறைவு. தரை பலகை அல்ல, காற்று ஓடப் பள்ளம் விட்ட அலுமினியம், ஆணி அடித்துச் சரக்கை நிறுத்த முடியாது. பக்கச் சுவரின் மேற்பகுதியில் குறித்திருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேல் அடுக்கிப் பழக்கப்பட்ட ஆட்கள் விசிறிப் பகுதியை இடித்துவிட்டால், கூலியில் மிச்சப்பட்டது பழுதுச் செலவில் போய்விடும்.

பெட்டியின் நாள் கணக்கு எவ்வளவு கூர்மையானது என்பதைச் சிங்கப்பூர் 2024இல் பார்த்தது. செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் ஐரோப்பாக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. ஒரு வழிக்குப் பத்து நாள் போலக் கூடியது. போக வர இருபது நாள் என்றால், 70 நாளில் ஒரு சுற்று முடித்த பெட்டிக்கு 90 நாள் ஆகிறது. ஆண்டுக்கு ஐந்து சுற்று வந்தது நான்காகிறது. உலகில் ஒரு பெட்டிகூடக் குறையவில்லை, ஆனால் அந்தத் தடத்துக்குக் கிடைக்கும் பெட்டிகளில் ஐந்தில் ஒன்று மாயமாகிவிட்டது. அதோடு கால அட்டவணை தவறிய கப்பல்கள் கும்பலாக வந்து சேர்ந்தன. மே மாதம் இங்கே கப்பல்துறையில் இடம் கிடைக்க இரண்டு மூன்று நாள் காத்திருந்தார்கள். துவாஸுக்கு வேலையை மாற்றிக்கொண்டிருந்த சமயத்தில், கெப்பல் முனையத்தில் ஓய்வு கொடுத்திருந்த பழைய தளங்களையும் சரக்கு முற்றங்களையும் மறுபடி திறக்க வேண்டியிருந்தது.

புதுப் பெட்டி செய்து சமாளிக்கலாமே என்றால், உலகின் கொள்கலன்களில் மிகப் பெரும்பான்மை சீனாவில்தான் தயாராகிறது. பெட்டி தேவைப்படும் ஏற்றுமதி ஊரும் அதே சீனா என்பதால் அங்கே இது வசதி. புதிதாகப் பிறந்த பெட்டி முதல் பயணத்திலேயே நிறைந்து போகும். பண்ணைச் சரக்கோடு காத்திருக்கும் தென்னமெரிக்க ஊருக்கோ தூத்துக்குடிக்கோ அந்தப் புதுப் பெட்டியும் காலியாகத்தான் வந்து சேர வேண்டும்.

மடக்கும் பெட்டியைப் பற்றி அடிக்கடி செய்தி வரும். நான்கை மடக்கி ஒன்றின் இடத்தில் அடுக்கலாம். கப்பலில் இடமும் ஏற்றி இறக்கும் செலவும் நான்கில் ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது. விலை அதிகம், மடக்கவும் விரிக்கவும் ஆளும் கருவியும் வேண்டும், கீல்கள் உள்ள இடமெல்லாம் பழுதுக்கு வாசல். மேலும், திரும்பும் கப்பலில் இடம் எப்படியும் சும்மாதான் கிடக்கிறது. சும்மா கிடக்கும் இடத்தை மிச்சப்படுத்த யார் காசு கொடுப்பார்கள்? அதனால்தான் இது இன்னும் பரவலாகவில்லை என்று நினைக்கிறேன்.

உண்மையில் காசு மிச்சமாகும் வழி சாதாரணமானது. இறக்குமதியாளர் காலி செய்த பெட்டியை டிப்போவுக்கு அனுப்பாமல் நேராக ஓர் ஏற்றுமதியாளரின் கிடங்குக்கு அனுப்புவது. இரண்டு லாரி ஓட்டமும் டிப்போக் கட்டணமும் மிச்சம். பாண்டானில் மளிகைச் சரக்கை இறக்கிய இருபதடி அப்படியே ஜூரோங் தீவின் பிளாஸ்டிக் குருணையை ஏற்றப் போகலாம். அதற்கு இருவரும் ஒரே கப்பல் நிறுவனத்தோடு வேலை செய்ய வேண்டும். அளவும் தரமும் பொருந்த வேண்டும். மசாலா வாடை அடிக்கக் கூடாது. பெட்டியை வைத்திருக்கக் கப்பல் நிறுவனம் தரும் இலவச நாள்கள் முடிவதற்குள் மற்றவரின் சரக்கு தயாராக வேண்டும்; தாண்டினால் தாமதக் கட்டணம் யார் பெயரில் என்ற தகராறு வரும். சோதனையாளர் பார்க்காத பெட்டியில் பிறகு ஓட்டை தெரிந்தால் அது யார் போட்ட ஓட்டை என்ற தகராறும் வரும். இதையெல்லாம் தொலைபேசியில் பேசி முடிப்பதைவிட டிப்போவுக்கு ஓட்டிவிடுவதே மேல் என்று முடிவெடுக்கும் நிறுவனங்கள்தான் அதிகம். அதனால் காலை நேரத்தில் ஜூரோங்கில் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகும் பிரைம் மூவரும், காலிப் பெட்டி எடுக்கப் போகும் பிரைம் மூவரும் ஒரே டிப்போ வாசலில் ஒரே வரிசையில் நிற்கின்றன.